சிவப்பு மார்க்கரும் நாற்பது ட்யூபும்

மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் அவரை ‘காலாவதி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை வைத்தது கடை முதலாளியான சொந்தத் தம்பி. அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. “பட்டம் படிச்சு வாங்கல, பார்த்துப் பார்த்து வாங்கினது” என்பார்.

கடையின் பின்பக்க அலமாரி அவருடைய ராஜ்ஜியம். மேல்தட்டில் இன்னும் மூன்று மாதத்தில் தேதி முடியப்போகிறவை. நடுத்தட்டில் தேதி முடிந்தவை. கீழ்த்தட்டில் உடைந்ததும் ஒழுகியதும் நசுங்கியதும். தேதி முடிந்த மருந்து கை தவறி யாருக்கும் போய்விடக்கூடாது என்பது அக்காவின் ஒரே பயம். அதனால் நடுத்தட்டுக்கு வரும் ஒவ்வொரு பெட்டிமேலும் சிவப்பு மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிடுவார். அதுவும் தேதி அச்சிட்ட இடத்திலேயே. அப்போதுதான் கண்ணில் படுமாம்.

மொத்த விநியோகஸ்தருக்குத் திருப்பி அனுப்பும்போது மூன்று பிரதியில் எண் போட்ட சீட்டு எழுதுவார்: மருந்தின் பெயர், பேட்ச் எண், தேதி, எண்ணிக்கை, எந்த பில்லில் வந்தது. வண்டிக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வாசலைத் தாண்டும். பிறகு விநியோகஸ்தரிடமிருந்து கிரெடிட் நோட் வரவேண்டும். அந்தத் தொகை அடுத்த பில்லில் கழியும்.

போன மாதம் கிரெடிட் நோட் வரவில்லை. பெட்டிதான் திரும்பி வந்தது. நாற்பது களிம்பு ட்யூப்கள். மேலே ஒரு துண்டுச் சீட்டு: ‘பேட்ச் எண் தெரியவில்லை. ஏற்க இயலாது.’

தம்பி உள்ளிருந்த ஒரு ட்யூப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பேட்ச் எண்ணும் தேதியும் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு மை மட்டும் பளபளத்தது.

“என்னக்கா, மருந்துக்கே திருஷ்டி கழிச்சு வச்சிருக்க?”

“தப்பா யாரும் வித்துடக்கூடாதுன்னுதான்டா…”

“விக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது. பேசாம நீ பில் கவுன்ட்டர்ல உக்காரு. அலமாரிய நான் வேற ஆள்கிட்ட விடுறேன்.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. பில் கவுன்ட்டரில் நாள் முழுக்கச் சில்லறை மாற்றிக்கொண்டு உட்காருவதா! காலாவதிச் சரக்கைத் திருப்ப மருந்துக் கம்பெனி கொடுத்த கெடுவும் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. பெட்டியையும் தன் சீட்டுப் பிரதியையும் பழைய பில்லையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

விநியோகஸ்தரின் கிடங்கில் ரிட்டர்ன் பார்க்கும் கிளார்க் அட்டைப்பெட்டிக் குவியலுக்கு நடுவே கழுத்து மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

“அந்தச் சிவப்புக் கோடு நீங்கதானாம்மா? நான் ஏதோ கோபக்காரர்னு நெனச்சேன்.”

“கோபமில்லண்ணே, பயம். இதோ பாருங்க, உங்க பில்லுலயே பேட்ச் எண் இருக்கு. என் சீட்டுலயும் அதே எண்.”

“பேப்பர்ல இருக்கும்மா. சரக்குல இருக்கணுமே. உங்க கடைக்கு இன்னொரு விநியோகஸ்தரும் இதே களிம்பு தர்றாரு. அவர் சரக்க என் தலையில கட்டினா, கம்பெனி என்னைப் பிடிக்கும்.”

பேச்சு நியாயம்தான். அக்கா ஒரு ட்யூப் பெட்டியைப் பிரித்து ட்யூபை வெளியே எடுத்தார். கிளார்க்கும் ஒன்றை எடுத்தார். மூடி பக்கம் பார்த்தார், நடுவில் பார்த்தார். பிறகு வால்பக்கம் மடித்த இடத்தை விளக்கருகே சாய்த்தவர் சிரித்துவிட்டார்.

“அடடே! இங்க அழுத்தி அச்சு போட்டிருக்காங்களே. அட்டையவே பார்த்துப் பார்த்து ட்யூபை மறந்துட்டேன்.”

“நானும்தான்ணே! சீட்டுல எண்ணை பில்லைப் பார்த்தே எழுதியிருக்கேன்.”

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு ட்யூபாகப் பிரித்தார்கள். கிளார்க் எண்ணைப் படிக்க, அக்கா பில்லோடு ஒத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு சரி. இரண்டு மட்டும் வேறு பேட்ச்.

“இது உங்களுது இல்லண்ணே. அடுத்த விநியோகஸ்தருது. எடுத்துக்கிறேன்” என்று அக்காவே தள்ளி வைத்தார்.

கிளார்க் நிமிர்ந்தார். “நாற்பதுன்னு நீங்க அடிச்சுப் பேசியிருந்தா நானும் தலையாட்டியிருப்பேன்.”

“அப்புறம் கம்பெனி உங்களைப் பிடிக்குமே!”

முப்பத்தெட்டுக்குக் கிரெடிட் நோட் அச்சாகி வந்தது. அக்கா உடனே மடிக்கவில்லை. தன் சீட்டு எண் அதில் இருக்கிறதா, பேட்ச் எண் சரியா என்று பார்த்தார். சீட்டு எண் விட்டுப்போயிருந்தது. கிளார்க் பெருமூச்சோடு மறுபடி அச்சடித்தார்.

கடைக்கு வந்து கிரெடிட் நோட்டைத் தம்பியிடம் நீட்டினார்.

“நாற்பது அனுப்பினோம், முப்பத்தெட்டுதான் இருக்கு?”

“ரெண்டு அவங்க சரக்கில்ல. நாளைக்கு அடுத்தவர் வண்டியில போகும். புதுச் சீட்டோட.”

தம்பி அன்று வந்த பில்லை எடுத்து, தொகையைக் கழித்து, பக்கத்தில் கிரெடிட் நோட் எண்ணை எழுதினான். பேனாவை மூடிவிட்டு, “அலமாரிய நீயே பாத்துக்கோக்கா” என்றான். “ஆனா அந்த மார்க்கர்…”

“பெட்டியோட முதுகுலதான் போடுவேன்” என்றார் அக்கா. அதற்குள் பின்பக்கம் போயிருந்தார்.