நாலு நாள் மரியாதை

பதினாறு வருஷமாக அவள் பிறப்புச் சான்றிதழ்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தாள். பிழைக்க வந்த நாட்டில், தமிழ்க் கடைகள் நிறைந்த தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், முதுகு கிழிந்த இரண்டு அகராதிகள், வட்டமாக ஒரு ரப்பர் முத்திரை. "மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு" என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டு, அந்த முத்திரையை ஓங்கி ஒரு குத்து குத்துவாள். கீழே கடைக்காரரின் தேநீர் தம்ளர் குலுங்கும். அப்படித்தான் தெருவில் அவளுக்கு முத்திரையம்மா என்று பெயர் வந்தது.

பிறப்புச் சான்றிதழில் யாரும் யாரையும் கொஞ்சுவதில்லை. அதனால் வேலை நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது, பேக்கரிப் பெண் வந்து அந்தத் தாள்கட்டை மேஜைமேல் வைக்கும்வரை.

"அக்கா, இது நானும் அவரும் போன்ல பேசிக்கிட்ட மெசேஜ். எங்க கல்யாணம் நெசமான கல்யாணம்தானான்னு விசா ஆபீஸ்ல கேக்கறாங்க. இத இங்கிலீஷ்ல குடுத்தாதான் அவருக்கு இங்க வர பர்மிஷன் கிடைக்குமாம்."

புருஷன் வேறொரு நாட்டில் வெல்டர். கல்யாணமாகி மூன்று வருஷம். சேர்ந்திருந்தது மொத்தமே ஐம்பது நாள். அந்தப் பெண்ணின் முன்கையில் அடுப்பு சுட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. போகும்போது வாசலில் திரும்பி, "கொஞ்சம் அசிங்கமா இருக்கும்க்கா, சிரிக்காதீங்க" என்றாள்.

முத்திரையம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

"எருமை, சாப்டியா?" என்று ஆரம்பித்திருந்தான் அவன். "நீ சாப்டியாடா லூசு?" என்று அவள். "மாமா, இன்னிக்கு கையில சுட்டுக்கிட்டேன்." "என் பட்டுக்குட்டி, மருந்து போட்டியாடி? போட்டோ அனுப்பு. போடலன்னா கொன்னுடுவேன்." இப்படியே நாற்பது பக்கம். கண்ணு, தங்கம், சனியனே, செல்லம், பிசாசே, மறுபடியும் எருமை. ஒரு மனுஷிக்கு இத்தனை பெயரா என்று இருந்தது அவளுக்கு. இவளுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். ஒரு பெயரும் கிடையாது.

அவள் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தங்கமான மனுஷர் என்று ஊரே சொல்லும். காரணம், கட்டிய மனைவியை "நீங்க, வாங்க" என்றுதான் கூப்பிடுவார். "குடுத்து வச்சவங்க நீங்க" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்லும்போதெல்லாம் இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். அதே மனுஷர் பால்கனிக்கு வருகிற பக்கத்து வீட்டுப் பூனையிடம், "வாடா என் தங்கம், எங்கடா போயிட்ட?" என்று உருகுவார். ஒரு பூனையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும். வெட்கத்தினால் பொறாமை என்ன குறைந்தா போகிறது?

அந்த எரிச்சலோடுதான் மொழிபெயர்க்க உட்கார்ந்தாள். எருமைக்கு ‘பஃபலோ’ என்று போட்டாள். லூசுக்கு ‘மேட்’, மாமாவுக்கு ‘அங்கிள்’, கொன்னுடுவேனுக்கு ‘ஐ வில் கில் யூ’. ‘டி’க்கும் ‘டா’வுக்கும் ஆங்கிலத்தில் சொல் இல்லை, அப்படியே விழுங்கிவிட்டாள். அகராதியைத் திறந்து யாரும் ஒரு தப்புக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கை என்ன செய்கிறதென்று அவளுக்குத் தெரியும். நாற்பது பக்கத்துச் சூட்டையும் தண்ணீர் ஊற்றி அணைத்துக்கொண்டிருந்தாள். முடித்து, வழக்கத்தைவிட ஓங்கிக் குத்தினாள் முத்திரையை.

மூன்று வாரத்தில் பேக்கரிப் பெண் ஓடி வந்தாள், கையில் ஒரு கடிதத்தோடு. அலுவலகத்தில் மூன்று கேள்வி கேட்டிருந்தார்கள். ஒன்று: கணவர், விண்ணப்பதாரரின் ரத்த உறவில் மாமாவா? இரண்டு: அவர் மனைவியை மிருகம் என்றும் பிசாசு என்றும் அழைக்கிறார், கொலை மிரட்டலும் விடுக்கிறார், மனைவி வற்புறுத்தலுக்கு ஆளாகியிருக்கிறாரா? மூன்றாவதை முத்திரையம்மா இரண்டு தடவை படித்தாள். குறிப்பிட்ட நான்கு நாட்களில் மட்டும் தம்பதியர் பண்போடும் மரியாதையோடும் பேசியிருக்கிறார்கள்; மற்ற நாட்களில் ஏன் அப்படி இல்லை? பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

அந்த நாலு நாளின் தமிழ்த் தாளை எடுத்துப் பார்த்தாள். "சரிங்க. உங்க வேலைய பாருங்க. எனக்கு ஒண்ணும் இல்லீங்க." இது பேக்கரிப் பெண் எழுதியது. "நீங்க சொன்னா சரி." இது அவன். அந்த ‘ங்க’வுக்கெல்லாம் இவள் ‘ப்ளீஸ்’ என்றும் ‘சார்’ என்றும் போட்டிருந்தாள்.

"இது என்ன நாலு நாள்மா?"

"அதுவாக்கா? கல்யாண நாள மறந்துட்டாரு. செம சண்ட. நான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு ‘ங்க’ போட்டேன், அவருக்கும் ரோஷம் வந்து ‘ங்க’ போட்டாரு. அஞ்சாம் நாள் ‘எருமை, இன்னும் கோவமா?’ன்னு கேட்டாரு பாருங்க, அப்பதான் எனக்கு உசுரே வந்துது." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் வர முடியாம போயிடுமாக்கா?"

"போகாது. தப்பு என்னோடது. திரும்ப எழுதித் தரேன்" என்றாள் முத்திரையம்மா. அவள் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்து வருஷமாகியிருக்கும்.

ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளை வேறொன்று அரித்தது. நாலு நாள் ‘ங்க’ போட்டதற்கே அந்தப் பெண்ணுக்கு உயிர் போயிருக்கிறது. நான் பத்தொன்பது வருஷமாக அந்த நாலு நாளுக்குள்ளேயே அல்லவா குடியிருக்கிறேன்?

பால்கனியில் அவர் பூனைக்குக் கிண்ணத்தில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். "குடிடா செல்லம், மெதுவாடா."

"அந்தப் பூனைக்கு இருக்கற யோகம் எனக்கில்ல" என்றாள்.

"என்ன சொல்றீங்க?"

"இதோ, இந்த ‘றீங்க’தான்! நான் என்ன உங்க கடைக்குக் கண்ணாடி வாங்க வந்தவளா? ஒரே ஒரு தடவை என்னை ‘டி’ போட்டுக் கூப்பிடுங்க. ஒரு தடவை!"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ஏற்கெனவே பளிச்சென்று இருந்த கண்ணாடி. "வாய் வரமாட்டேங்குது" என்றார்.

"பூனைக்கு வருது?"

"‘டா’ வரும். ‘டி’ வராது." கிண்ணத்தைப் பூனைப் பக்கம் தள்ளி வைத்தார். "எங்கப்பா எங்கம்மாவ சாதாரணமா பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். கையை ஓங்கறப்ப மட்டும்தான் ‘டி’ வரும். அது காதுல விழுந்தா அடுத்தது அடி விழற சத்தம். நான் கதவுக்குப் பின்னாடி நின்னு எண்ணுவேன், எத்தனைன்னு. கல்யாணத்தன்னிக்கே முடிவு பண்ணிட்டேங்க. அந்த வார்த்தை உங்ககிட்ட வரவே கூடாதுன்னு."

மாமனாரை அவள் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். மாமியார் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அவள் கீழே உட்கார்ந்து அவர் கையிலிருந்த பால் பாத்திரத்தை வாங்கி வைத்தாள். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் காலை நாற்பது பக்கத்தையும் புதிதாக ஆரம்பித்தாள். அலுவலகத்துக்காரர் கேட்ட கேள்வி அசட்டுக் கேள்வி இல்லை என்று இப்போது புரிந்தது. ஒரு வீட்டில் முத்தமாக இருப்பது இன்னொரு வீட்டில் அடியாக இருக்கும். "எங்கள் மொழியில் இதெல்லாம் அன்பு" என்று ஒரு வரி எழுதினால் யார் நம்புவார்கள்? அதனால் சொல்லை விட்டுவிட்டு, அதன் அண்டை அயலைப் பார்த்தாள். முப்பத்தோரு இடத்தில் எருமை வந்தது. இருபத்தாறில் அடுத்த சொல்லே சாப்பாடு, தூக்கம், மருந்து என்று ஏதோவொரு விசாரிப்பு. அதை அப்படியே குறிப்பில் எழுதினாள், பக்க எண்ணோடு.

எருமை இப்போது ‘யூ கிரேட் லம்ப்’ ஆனது, செல்லமாக ‘அசமந்தமே’ என்று திட்டுவதுபோல. லூசு ‘யூ டாஃப்ட் திங்’, கொஞ்சலான ஓர் ‘அசடே’. கண்ணு என்பதைக் ‘ஐ’ ஆக்காமல் ‘டார்லிங்’ ஆக்கினாள். தங்கமும் செல்லமும் இடத்துக்குத் தக்கபடி ‘லவ்’ ஆகவும் ‘ஸ்வீட்ஹார்ட்’ ஆகவும் மாறின. கெஞ்சுகிற செல்லம் வேறு, அதட்டுகிற செல்லம் வேறு. மாமாவை மொழிபெயர்க்கவே இல்லை. ‘மாமா’ என்றே ஆங்கில எழுத்தில் விட்டு, மனைவி கணவனை அழைக்கும் உரிமைச் சொல், இங்கே ரத்த உறவைக் குறிக்கவில்லை என்று அடியில் எழுதினாள்.

அவளைப் படுத்தி எடுத்தது ‘டி’யும் ‘டா’வும்தான். அதற்குச் சொல்லே கிடையாது. கடைசியில் அதைச் சொல்லில் வைக்காமல் வாக்கியத்தில் வைத்தாள். ‘டி’ வந்த இடத்திலெல்லாம் ஆங்கிலத்தைச் சுருக்கினாள். ‘ஐ வில்’ இல்லை, ‘ஐல்’. ‘ஹாவ் யூ ஈட்டன்’ இல்லை, ‘ஈட்டன் யெட், லவ்?’ சண்டை போட்ட நாலு நாளில் மட்டும் எல்லாவற்றையும் விறைப்பாக நிறுத்தினாள்: ‘வெரி வெல். ஐ ஆம் பெர்ஃபெக்ட்லி ஆல் ரைட். யூ மே டூ ஆஸ் யூ விஷ்.’ படித்துப் பார்த்தபோது அவளுக்கே குளிரெடுத்தது. கீழே குறிப்பு எழுதினாள்: ‘வழக்கமாக உரிமையோடு பேசும் இந்தத் தம்பதியரிடையே, மரியாதை வடிவம் கோபத்தைக் காட்டுகிறது.’ ‘இந்த’ என்ற சொல்லை முதலில் போடவில்லை. பிறகு யோசித்துச் சேர்த்தாள். எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது.

முந்தைய மொழிபெயர்ப்பில் பொருள் தவறிவிட்டது, பொறுப்பு என்னுடையது என்று தனித் தாளில் எழுதிக் கையெழுத்திட்டாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக முத்திரையை மெதுவாக வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து இருவரும் சேர்ந்து படியேறி வந்தார்கள். அந்த வெல்டர் ஒல்லியாக, வெட்கப்பட்டுக்கொண்டு, "வணக்கம் மேடம்" என்றான். "எருமை, செருப்பக் கழட்டிட்டு உள்ள வா" என்றாள் பெண். அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, முத்திரையம்மாவுக்கு மறுபடி வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்? நன்றாகவே எரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். அவர் பால்கனியில் நின்று, இன்னும் வராத பூனைக்காகத் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் சமையலறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். அவருக்கு ‘டி’ தானே ஆகாது, ‘டா’வில் ஒன்றும் இல்லையே?

"டேய்" என்றாள். நாக்கு குழறியது. "சாப்பிட வாடா."

அவர் பூனை வந்துவிட்டதென்று கீழே குனிந்து பார்த்தார். பூனை இல்லை. நிமிர்ந்து இவளைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. இருபது வயதுப் பையனைப்போல் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தவித்தார்.

"இதோ வந்துட்டேங்க" என்றார்.

அந்த ‘ங்க’வுக்கு அவள் இந்தத் தடவை ‘லவ்’ என்று போட்டுக்கொண்டாள்.