கடன் விலையும் கணக்கு விலையும்

அரியலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் நான் மளிகைக் கடை நடத்திய காலத்தில், விலை போடுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். அந்தத் திமிர் இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

தெருவில் சம்பளக்காரர்கள் எல்லோரும் மாதக் கணக்கு. மாதம் முழுக்க வாங்கிவிட்டு, சம்பளம் வந்ததும் கட்டுவார்கள். நானோ திருச்சி மண்டியில் சரக்கெடுக்க, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்குப் பணம் புரட்டுவேன். அந்த வட்டியையும், பாக்கியோடு மாற்றலாகிப் போய்விடுகிற மகராசன்களின் நஷ்டத்தையும் சேர்த்தால், கணக்கில் போகும் துவரம்பருப்புக்குக் கிலோவுக்கு இருபது காசு கூடுதல் செலவு. விற்பனையில் பாதி ரொக்கம் என்பதால், எல்லோர் விலையிலும் பத்துப் பத்துக் காசாகப் பரப்பி வைத்திருந்தேன்.

அதைப் பிடித்தவள், கூலி வாங்கிய கையோடு வந்து ரொக்கத்துக்குக் கால் கிலோ பருப்பு வாங்கும் ஒரு சித்தாள்.

"ரயிலடிக் கடையில வெல கம்மியா இருக்கேக்கா?" என்றாள்.

"அங்க கணக்கு கெடையாது. நான் மாசம் பூரா குடுத்துட்டு காத்துக் கெடக்குறேன்ல, அதுக்கு வட்டி யாரு கட்டுறது?"

"அதத்தான் நானும் கேக்குறேன். யாரு கட்டுறது?"

எனக்குச் சுருக்கென்றது. இவளைப் போன்றவர்கள் ரயிலடிக்குப் போய்விட்டால், அன்றாடம் கையில் புரளும் காசு நின்றுவிடும். இன்னும் இன்னும் வட்டிக்கு வாங்கியே கடை படுத்துவிடும்.

மறுநாளே சிலேட்டில் இரண்டு விலை எழுதி மாட்டினேன். 'ரொக்க விலை' பத்து காசு இறங்கியது, 'கடன் விலை' பத்து காசு ஏறியது. தாலுகா ஆபீஸ் கிளார்க் சார் அதைப் படித்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, நான் என்னைக்கு உங்ககிட்ட கடன் வாங்குனேன்? கணக்குல்ல வச்சிருக்கேன்!"

பையை மடித்துக்கொண்டு போய்விட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு வீடு என்னிடம் வாங்குவதை நிறுத்தியது.

எனக்குக் கோபமான கோபம். ஒரு மாதம் கழித்துக் காசு தருவதற்குக் கணக்கு என்று பெயர் வைத்தால் கௌரவம், கடன் என்றால் மானக்கேடா? சரி, பெயர்தானே வேண்டும் என்று சிலேட்டைத் துடைத்தேன். ஏற்றிய விலையையே வெறும் 'விலை' என்று எழுதினேன். கீழே, 'கை ரொக்கத்துக்குக் கிலோவுக்கு இருபது காசு தள்ளுபடி' என்று போட்டேன். இரண்டு விலையிலும் ஒரு காசுகூட மாறவில்லை.

கிளார்க் சார் திரும்பி வந்து நிதானமாகப் படித்தார்.

"இப்பத்தாம்மா நியாயம்" என்று சொல்லி, அதே விலைக்கு இரண்டு கிலோவைக் கணக்கில் எழுதச் சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிறுத்துக் கொடுத்தேன்.

பக்கத்தில் நின்றிருந்த சித்தாள், கால் கிலோவுக்குத் தள்ளுபடியான ஐந்து காசை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டாள். அவர் தெரு முனை திரும்பும்வரை பொறுத்திருந்து சொன்னாள்:

"இன்னிக்குத்தான்க்கா சார் வூட்டுப் பருப்பு சார் காசுல வேகுது."