சாப்பாட்டுக்குப் பின் வந்த இருபது பேர்

சிதம்பரத்தில் காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறினால் எட்டரை வாக்கில் கடலூரில் இறங்கலாம். செம்மங்குப்பம் நெருங்கும்போது ரசாயன ஆலைகளின் நெடிக்குப் பயந்து ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள். அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தினமும் தூக்கம் கலையும். கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர். அதாவது வருடா வருடம் வேலை இருக்குமா என்று தெரியாமல், எல்லா வேலையையும் வாங்கிக்கொள்கிறவள்.

அப்படித்தான் இந்த வேலையும் வந்தது. முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு வைக்க வேண்டும் என்று முடிவானபோது துறைத்தலைவர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "கேள்வியெல்லாம் நீயே எழுதிடும்மா. மார்க் எப்படிப் போடுறதுன்னும் ஒரு பக்கத்துல குடுத்துடு. சாரையும் கூட வச்சிக்க" என்றார். சார் என்பது எங்கள் துறையின் மூத்த ஆசிரியர். ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கிறது. அவரும் சிதம்பரத்துக்காரர்தான்; ஆனால் ரயிலில் வருவார்.

பத்து அட்டைகள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பொருள், அதன் கீழே உதவிக்கு மூன்று குறிப்புகள். ஒரு நிமிடம் யோசிக்கலாம், இரண்டு நிமிடம் பேச வேண்டும், பிறகு நாங்கள் இரண்டு கேள்வி கேட்போம். நேரே வைக்காமல் முதலில் இரண்டாமாண்டுப் பிள்ளைகள் ஆறு பேரை வைத்துப் பேசவிட்டுப் பார்த்தோம். நல்ல வேளை, பார்த்தோம்.

'நீங்கள் போன ஒரு சுற்றுலா' என்ற அட்டை திட்டக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு வந்தது. ஒரு நிமிடம் போயிற்று. இன்னொரு நிமிடமும் போயிற்று. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கிலீஷ்ல வரலன்னா பரவால்ல, என்னான்னு சொல்லு" என்றேன்.

"இங்கிலீஷ் இல்ல மேடம். நாங்க எங்கயும் போனதில்ல. மக்காச்சோளம் அறுப்புக்கு லீவு போடுவோம், அவ்ளோதான். பொய் சொல்லலாமான்னு தெரியல."

அவளுக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று அந்த அட்டையால் சொல்லவே முடியாது. வசதி இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். அதைக் கிழித்துப் போட்டேன். 'இணையம் நல்லதா கெட்டதா' என்பதையும் எடுத்துவிட்டேன். அதற்கு ஒரு பையன் பள்ளியில் மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தான், நடுவில் ஒரு கேள்வி கேட்டதும் அப்படியே நின்றுபோனான். புதிதாக எழுதியவை எல்லாம் யாருக்கும் நடந்திருக்கக்கூடியவை. உடைந்துபோன ஒரு பொருள், அதை எப்படிச் சரிசெய்தீர்கள். நேரம் தவறிப் போன ஒரு நாள். வீட்டில் உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு வேலை. எல்லா அட்டையிலும் நடந்ததைச் சொல்ல ஒரு குறிப்பு, இப்போது எப்படி என்று ஒரு குறிப்பு, ஏன் என்று காரணம் சொல்ல ஒரு குறிப்பு. இல்லாவிட்டால் ஒருவன் அட்டை லேசாகவும் இன்னொருவன் அட்டை கஷ்டமாகவும் ஆகிவிடும்.

மதிப்பெண்ணுக்கு மூன்று தலைப்பு: சரளம், பிழையின்மை, சொல்வளம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை. மொத்தம் பன்னிரண்டு, ஆறு எடுத்தால் தேர்ச்சி. இது லேசான வேலை என்று நினைத்தேன். சரளத்துக்கு 'தடையின்றிப் பேசினால் நான்கு' என்று எழுதியிருந்தேன். ஆறு பேரும் பேசியதன் போன் பதிவை நானும் சாரும் தனித்தனியாகக் கேட்டு மதிப்பெண் போட்டோம். ஒரே பெண்ணுக்கு அவர் சரளத்தில் ஒன்று போட்டார், நான் மூன்று.

"நிறுத்தி நிறுத்திப் பேசுது. இது சரளமா?" என்றார்.

"எங்க நிறுத்துறா பாருங்க சார். ஒரு வாக்கியம் முடிச்சிட்டு, அடுத்தது என்ன சொல்றதுன்னு யோசிக்கிறா. நீங்க பாடம் நடத்தும்போதும் அப்படித்தான் நிறுத்துவீங்க."

"அப்ப அதை எழுது. எழுதலன்னா எனக்கு எப்படித் தெரியும்" என்றார்.

எழுதினேன். எண்ணங்களுக்கு நடுவில் நிறுத்துவது குறையல்ல. சொல் கிடைக்காமல் வாக்கியத்தின் பாதியில் அடிக்கடி நின்றால் இரண்டு. ஒற்றைச் சொற்களாக உதிர்ந்தால் ஒன்று. வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. பிழையின்மையிலும் அப்படியே: பிழை எத்தனை என்று எண்ண வேண்டாம், பிழையால் பொருள் புரியாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். சொல்வளம் என்றால் பெரிய பெரிய வார்த்தை இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லப் போதுமான சொற்களும், விதவிதமான வாக்கியங்களும். ஒரே பக்கத்தில் அடக்குவதற்கு நான்கு நாள் ஆயிற்று. பஸ்ஸில் மடியில் வைத்து எழுதியதால் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

தேர்வுக்கு ஓர் அறை ஒரு நாள்தான் கிடைத்தது. நாற்பத்திரண்டு பேர். ஒருவர் கேள்வி கேட்க, இருவரும் மதிப்பெண் போடுவது என்பது ஏற்பாடு. எல்லாரையும் என் போனில் பதிவு செய்தோம். சாப்பாட்டுக்கு முன் இருபத்திரண்டு பேர் முடிந்தார்கள். சாப்பிட்டு வந்ததும் சாரை வேறொரு தேர்வு அறைக்கு மேற்பார்வைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "நீயே பாத்துக்கம்மா, எழுதுனதே நீதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீதி இருபது பேரை நானே கூப்பிட்டு, நானே அட்டை கொடுத்து, நேரம் பார்த்து, கேள்வி கேட்டு, மதிப்பெண்ணும் போட்டேன். மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றியது. உடைந்த பொருள் அட்டையை அன்று எத்தனையாவது முறை கேட்டேனோ, எதிரில் இருப்பவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்கு அலுத்திருந்தது. நாலு மணிக்கு முடிந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் பட்டியலைப் பார்த்த சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"மத்தியானத்துக்கு மேல சரளத்துல ஒருத்தருக்குக்கூட மூணு விழல. சாப்பாட்டுல இங்கிலீஷ மறந்துட்டாங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. "அவுங்க பேசுனது அப்படி சார். நீங்க கூட இருந்திருந்தா தெரியும்."

"இருந்திருக்கணும். இல்ல. அதனாலதான் கேக்குறேன்."

பதிவை மறுபடி கேட்டுப் பார்த்துவிடலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சிதம்பரத்தில் என் வீட்டிலிருந்து பத்து நிமிடம்; அதுவரை ஒரு தடவைகூடப் போனதில்லை. அவர் மனைவி காபி வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழமையும் விடமாட்டீங்களா" என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். என் மதிப்பெண்களை அவருக்குக் காட்டவில்லை. பதிவைப் போட்டேன், அவர் ஒரு தாளில் மதிப்பெண் போட, நானும் புதிதாக இன்னொரு தாளில் போட்டேன்.

முப்பத்தொன்பதாவதாக வந்த விடுதிப் பெண்ணுக்கு அன்று நான் போட்டது இரண்டு, இரண்டு, ஒன்று. ஐந்து. தேறவில்லை. முகம்கூட ஞாபகமில்லை. விடுதியில் மோட்டார் பழுதான கதையைச் சொல்லியிருந்தாள். தண்ணீர் வரிசையில் கடைசியில் நிற்பவளுக்குத் தொட்டியின் அடிச் சேறுதான் கிடைக்கும், அதனால் முதல் நாள் கடைசியில் நின்றவள் மறுநாள் முதலில் நிற்க வேண்டும் என்று தானே ஒரு சட்டம் போட்டதாகச் சொன்னாள். 'வென் த மோட்டார் வாஸ் ரிப்பேர், ஐ லேர்ன்ட் டு பாத் வித் ஒன் பக்கெட்.' பிழைதான். புரியாமல் போகவில்லை. 'ஒருவேளை இப்படி ஆனால்', 'இருந்தாலும்' எல்லாம் அவளுக்கு ஆங்கிலத்தில் வருகிறது. பதிவின் நடுவில், அவள் ஒரு வாக்கியம் முடித்து யோசிக்கும் இடத்தில், "ம், நெக்ஸ்ட்" என்று ஒரு குரல் வெட்டியது. என் குரல்.

சார் மூன்று, இரண்டு, மூன்று போட்டிருந்தார். நானும் அதையேதான் போட்டிருந்தேன்.

அந்த இருபது பேரில் பதினொரு பேருக்கு மதிப்பெண் ஏறியது. நான்கு பேர் தோல்வியிலிருந்து தேறினார்கள். நான் எழுதிய விதிகளை நானே மத்தியானம் மறந்துவிட்டேன் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

அத்துடன் எழுந்திருக்கலாம். நான்தான், "காலையில உள்ளதையும் கேட்டுடலாம் சார். இல்லன்னா ஒரு பக்கத்துக்கு மட்டும் பண்ண மாதிரி ஆயிடும்" என்றேன். அவருக்கு விருப்பமில்லை. கேட்டோம். பெரும்பாலும் மாறவில்லை. ஆனால் முதல் ஆளாக வந்த மாணவன், பாவம், நடுங்கிக்கொண்டே பேசியிருந்தான். அவனுக்கு ஆறு போட்டிருந்தோம். பதிவில் அவன் சொல் தேடும் இடத்திலெல்லாம் சாரின் குரல் எடுத்துக்கொடுத்தது. 'ரெஸ்பான்சிபிலிட்டியா?' 'எஸ் சார்.' 'டிஃபிகல்டா?' 'எஸ் சார்.' சொல்வளத்துக்கு நாங்கள் போட்ட இரண்டு, சாருடைய சொல்வளத்துக்கு.

"பயந்துட்டான்னு எடுத்துக் குடுத்தேன்" என்றார் சார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு. "ஏத்துறது சரி. எறக்குனா நல்லா இருக்காதும்மா. விட்டுடு."

"அந்த ஹாஸ்டல் பொண்ணுக்கு யாரும் எடுத்துக் குடுக்கலயே சார்."

கடைசியில் அவனுக்கு வேறு அட்டை கொடுத்து இன்னொரு தடவை கேட்பது என்று முடிவாயிற்று. துறைத்தலைவர் அம்மா ஒத்துக்கொண்டார். பட்டியல் இன்னும் வெளியே போகாதது நல்லதாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை, முதல் வேலையாக, அவனைக் கூப்பிட்டோம். 'நேரம் தவறிப் போன ஒரு நாள்.' முதலில் பயம் போவதற்கு ஊர், பஸ் என்று சும்மா இரண்டு கேள்வி கேட்டேன். அதற்கு மதிப்பெண் இல்லை. பிறகு அவன் பேசினான். நாங்கள் எடுத்துக்கொடுக்கவில்லை. அவன் தேடியபோது அறை அமைதியாக இருந்தது; அந்த அமைதியில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. தனித்தனியாகப் போட்டோம். இருவரும் ஐந்து.

அடுத்த மாதம் மறுதேர்வு உண்டு, நான் சொல்லித்தருகிறேன் என்றேன். தலையாட்டினான். கதவு வரை போய்த் திரும்பி நின்றான்.

"மொதல்ல எவ்ளோ போட்டிருந்தீங்க மேடம்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "ஆறு" என்றேன்.

"பாஸா?"

"ஆமா."

"அப்ப ஏன் மேடம் மறுபடி கேட்டீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். சார் எடுத்துக்கொடுத்தது, சாப்பாட்டுக்கு அப்புறம் வந்தவர்களுக்கு நான் குறைத்துப் போட்டது, அதைத் திருத்தப் போய் இதைக் கண்டது. கேட்டுக்கொண்டான். "சரி மேடம்" என்றான். அது ஒப்புக்கொண்ட சரியா, பேச்சை முடிக்கிற சரியா என்று எனக்குத் தெரியவில்லை. சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை விதித்தாளின் அடியில் இரண்டு வரி சேர்த்தேன். ஒரே நாளில் பன்னிரண்டு பேருக்கு மேல் கேட்கக் கூடாது. தேர்வு எடுப்பவர் சொல் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அச்செடுத்துத் துறைத்தலைவர் அம்மா மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, "பன்னெண்டு பேருன்னா நாலு நாள் ஆகுமேம்மா, ரூமுக்கு எங்க போறது" என்றார். எனக்கும் தெரியாது என்றேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். சிதம்பரம் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது.