சாப்பாடு யார் கணக்கு?

இன்னாசியம்மாள் தன் முப்பது வருஷ நர்ஸ் உத்தியோகத்தில் பிரசவம் பார்த்த பிள்ளைகள் இரண்டாயிரத்துக்கு மேல். கலியாணமாகி மூன்றாம் வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். அழுது முடித்த கையோடு திருச்சியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தவள், அதன் பிறகு எதற்கும் நேரம் ஒதுக்கி அழுததாக யாரும் சொன்னதில்லை. அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு தர்ம ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் அவள். பிரசவ அறைக்கு மேலே ஓடு உடைந்து கிடந்தது. ஐப்பசி மழையில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒருத்தி குடை பிடிக்க, இன்னொருத்தி பிரசவம் பார்க்க வேண்டியிருந்தது. ஓடு மாற்ற ஆயிரத்து நூறு ரூபாயை மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

அந்த ஆயிரத்து நூறுக்குத்தான் 1963-ஆம் வருஷம் ஆபத்து வந்தது. சினிமா ரூபத்தில்.

தொப்புள்கொடியை அரிவாள்மனையில் அறுக்காதீர்கள், கொதிக்க வைத்த பிளேடில் அறுங்கள் என்று ஊர் ஊராகத் திரையில் காட்ட ஒரு பத்து நிமிஷப் படம் எடுக்கலாம் என்று ஆஸ்பத்திரிக் கமிட்டி மூவாயிரம் ரூபாய் கொடுத்தது. கொடுத்த கையோடு ஒரு தீர்மானமும் போட்டது: செலவு கூடினால் கூடின பணம் ஓடு மாற்றச் சேர்த்த அந்த ஓட்டு நிதியிலிருந்து போகும். கமிட்டிக்காரர்கள் வீட்டு ஓடு ஒழுகுவதில்லை, ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மதராஸிலிருந்து ஆத்மநாதன் என்கிற டைரக்டர் வந்தார். சொந்த ஊர் இந்தப் பக்கம்தான் என்றாலும், வெயிலைப் பார்த்து முகம் சுளிக்கிற அளவுக்கு மதராஸ்காரர் ஆகிவிட்டிருந்தார். ஆஸ்பத்திரி டாக்டர் ஞானமணியம்மாள் அவருடைய செலவுப் பட்டியலை இன்னாசியம்மாள் கையில் கொடுத்து, "நீங்க பாத்துட்டா நான் கையெழுத்துப் போட்டுர்றேன் சிஸ்டர்" என்றார்.

பட்டியல் அழகாக இருந்தது. பதினாறு எம்.எம். பிலிம் பதினாறு சுருள், ஐந்நூற்றறுபது. கேமரா வாடகை ஐந்து நாளைக்கு இருநூறு. கழுவிப் பிரிண்ட் போட அறுநூற்று நாற்பது. வெட்டி ஒட்ட, பின்னணிப் பேச்சு பதிய, வாத்திய கோஷ்டி வைக்க எழுநூறு. டைரக்டருக்கு ஐந்நூறு, கேமராக்காரருக்கு முந்நூறு. கேமராவை உருட்டிக்கொண்டு போக மதராஸிலிருந்து தண்டவாளமும் தள்ளுவண்டியும், நூறு. சரியாக மூவாயிரம். ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"படம் புடிக்க வர்ற அஞ்சு பேரும் அஞ்சு நாளும் சாப்பிட மாட்டாங்களா?" என்று இன்னாசியம்மாள் கேட்டாள்.

ஆத்மநாதன் சிரித்தார். "கிராமம் சிஸ்டர்! ஒரு வாய் சோத்துக்கா பஞ்சம்? சினிமான்னா சனங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போடுவாங்க."

"போடுவாங்க. ஒங்களுக்குப் போட்டுட்டு அவுங்க என்னத்தத் திங்கிறது? அதிருக்கட்டும், மதராஸ்லேருந்து எப்படி வருவீங்க? நடந்தா?"

"ரயில்ல."

"ரயில் சும்மா ஏத்துமா? கேமராக் கடைக்காரன், பெட்டி கடைய விட்டுக் கெளம்புன நாள்லேருந்து திரும்பி வர்ற நாள் வரைக்கும் வாடகை எழுதுவானா, நீங்க படம் புடிக்கிற நாளுக்கு மட்டும் எழுதுவானா?"

ஆத்மநாதன் இதற்குச் சிரிக்கவில்லை. ரயிலில் கழியும் இரண்டு நாளை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அன்றைக்கு மத்தியானம் இன்னாசியம்மாள் ஒரு தாளில் எழுதினாள். ஐந்து பேருக்கு ரயில், நூறு. கேமராவுக்கு வழி நாட்கள், எண்பது. கார் ஐந்து நாள், நூற்று எழுபத்தைந்து. நடிக்கிற பெண்கள் அன்றைக்கு இழக்கிற கடலைக் களையெடுப்புக் கூலி இருபத்தைந்து. மாட்டுவண்டி இருபத்தைந்து. தங்க நாற்பத்தைந்து. சாப்பாட்டுக்கு மட்டும் அவள் நாளொன்றுக்கு இருபது எலை, நாற்பது ரூபாய் போட்டாள்.

"அஞ்சு பேருக்கு இருபது எலையா?"

"கர்ப்பிணியா நடிக்க மருதாயியக் கூப்பிட்டிருக்கு. ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி தனியாவா வருவா? மாமியா வரும், ஆத்தா வரும், புருஷன் வருவான், மூத்த புள்ள வரும். வண்டிக்காரன் ஒருத்தன். வேடிக்க பாக்க வந்தவங்கள்ல நாலு பெருசுகள வச்சுக்கிட்டு நீங்க மட்டும் எலையில ஒக்காருவீங்களா? ஒக்காந்தா மறுநாள் இந்த ஊருல ஒரு வீட்டுக் கதவு தொறக்காது."

கடைசியில் 'எதிர்பாராச் செலவு, முந்நூறு' என்று எழுதினாள்.

"எதிர்பாக்காததுக்கு எப்படி சிஸ்டர் தொகை போடுறது? போட்டாச்சுன்னா எதிர்பாத்ததா ஆயிடுதே!" டைரக்டருக்குத் தன் புத்திசாலித்தனம் ரொம்பப் பிடித்துப் போயிற்று.

"பிரசவத்துக்குப் போறப்ப ரெண்டு துணி கூட வெப்போம். வேண்டியிருக்காதுன்னு நெனச்சு வெக்காம போனவங்க, சேலையக் கிழிச்சிருக்காங்க."

கூட்டினால் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தைம்பது. ஓட்டு நிதியில் நூற்றைம்பது மிஞ்சும். அதில் ஒரு நல்ல குடை வாங்கலாம்.

பிறகு பட்டியலில் வெட்டு நடந்தது. ஐந்து நாள் மூன்றாயிற்று. கர்ப்பிணிகள் எப்படியும் ஆஸ்பத்திரிக்கு வருகிற புதன்கிழமையிலேயே கூட்டக் காட்சி எடுப்பதாக முடிவானது. ஐந்து பேரில் எடுபிடிகள் இருவரும் ரயிலேற வேண்டாம் என்றாயிற்று. மற்றவர்கள் வெளிநோயாளி ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வதாகப் பேச்சு. சுருள் பன்னிரண்டு போதும், பத்து நிமிஷப் படத்துக்கு மூன்று பங்கு பிலிம் என்று கேமராக்காரரே ஒத்துக்கொண்டார். தண்டவாளத்துக்குப் பதில் நோயாளியைத் தள்ளும் ஸ்ட்ரெச்சர் வண்டி, எண்ணெய் போட்டு. வாத்திய கோஷ்டி போயிற்று. பிளேடு கொதிப்பதற்கு வயலின் எதற்கு என்று டாக்டரம்மாவே கேட்டுவிட்டார். டைரக்டர் கலைக்காக எதையும் விட்டுக்கொடுத்தார், தன் ஐந்நூறைத் தவிர. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தில் நின்றது.

முதல் நாள் ஒரு குறையுமில்லை. மருதாயி நல்ல கட்டம் போட்ட சேலையில் வண்டியிலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்தாள். இருபது எலைக்கு இருபத்திரண்டு பேர்.

இரண்டாம் நாள், வாசலைத் தாண்டி உள்ளே வருகிற காட்சி. மருதாயி வெளுத்துப்போன பச்சைச் சேலையில் வந்து நின்றாள்.

"நேத்திக்குக் கட்டுன சேல எங்கம்மா?" என்று அலறினார் ஆத்மநாதன்.

"அது எங்க அண்ணி சேலைங்க. போட்டாப் புடிக்கிறாங்கன்னு எரவ வாங்கியாந்தேன். அண்ணி அரிமளத்துல ஒரு கலியாணத்துக்குக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு."

வாசலுக்கு வெளியே கட்டம், உள்ளே பச்சை. ஒரு கால் எடுத்து வைப்பதற்குள் சேலை மாறிவிடும் படம். இன்னாசியம்மாள் பட்டியலில் இருபது எலையை எண்ணியிருந்தாள், மாட்டுவண்டியை எண்ணியிருந்தாள். படத்தில் நடிக்க வருகிற பெண் சொந்தச் சேலையில் வரமாட்டாள் என்பது, இந்த ஊரிலேயே கிடக்கிற அவளுக்குத் தோன்றவில்லை. அதை அவள் யார் மீதும் போடவில்லை. "என் தப்பு" என்று சொல்லிவிட்டுக் காரை அரிமளத்துக்கு அனுப்பினாள்.

கார் சாயங்காலம் திரும்பியது. சேலை மட்டும் வரவில்லை. சேலைக்குள் அண்ணி செவந்தியும் வந்தாள், கூடவே மூன்று பிள்ளைகள்.

"சேல எங்க போகுதோ நானும் அங்கிட்டுத்தான். போன தடவ எரவ குடுத்து மஞ்சக்கறையோட வந்துச்சு," என்றாள் செவந்தி. பிறகு சுற்றிப் பார்த்து, "சாப்பாடு இன்னும் ஆகலையா?" என்றாள்.

ஒரு நாள் கூடிப்போயிற்று. கேமரா வாடகை, கார், இன்னொரு சுருள், அரிமளத்துப் பெட்ரோல், செவந்தி குடும்பத்துக்கு எலை, எல்லாமாக நூற்றெண்பத்தேழு. அத்தனையும் அந்த முந்நூறிலிருந்தே போனது. ஆத்மநாதன் கையெழுத்துப் போடும்போது, "நல்லவேளை, நாம எதிர்பாத்து வச்சிருந்தோம்," என்றார்.

'நாம' என்பதை இன்னாசியம்மாள் கேட்காததுபோல் ரசீதைக் குத்தி வைத்தாள். மீதி நூற்றுப் பதினெட்டு ரூபாய் கமிட்டிக்குத் திரும்பியது. ஓட்டு நிதியில் ஒரு பைசா குறையவில்லை. புரட்டாசியில் கொத்தனார் ஏறினார்.

படத்தை ஆஸ்பத்திரி முற்றத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டினார்கள். டைரக்டர் பேர் மூன்று இடத்தில் வந்தது. பெண்கள் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, சேலை எந்தக் கடையில் எடுத்தது என்று செவந்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். பிளேடைப் பற்றி ஒருத்தி மட்டும் கேட்டாள், எத்தனை நிமிஷம் கொதிக்கணும் என்று. இன்னாசியம்மாள் அவளுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஐப்பசியில் மழை கொட்டிய ஒரு மத்தியானம் மருதாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறையில் யாரும் குடை பிடிக்கவில்லை. வெளியே மருதாயியின் ஆத்தா கேட்டது உள்ளே வரை கேட்டது:

"ஏங்க சிஸ்டர், இன்னிக்கி சாப்பாடு கெடையாதா?"