சிவனொளிபாத மலைக்கு வாங்கிய சப்பாத்து

குருவிட்டைக்கு மேலே இருந்த ரப்பர் தோட்டமொன்றில் நான் சின்னக் கணக்கப்பிள்ளை. சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கிய சின்னதுரைக்கு சிவனொளிபாத மலை ஏற ஆசை பிறந்தது. அதுவரை அவர் எந்த மலையும் ஏறியதில்லை. நானும்தான். ஆனாலும் சுமைக்காரர்களோடு பேச இங்கிலீஷ் தெரிந்த ஒருவன் வேண்டுமாம். மாட்டேன் என்றால் வேலை போய்விடும்.

என் பிரச்சினை இடது குதிகால். சிறுவயதில் சீழ்க்கட்டி அறுத்த இடம் அது. தோல் வெங்காயச் சருகு மாதிரிதான் மூடியிருந்தது. அது கிழிந்தால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று தோட்டத்து மருந்தையா எச்சரித்திருந்தார். எங்கள் தோட்டத்தில் துரைக்கு முன்னால் எங்களில் யாரும் சப்பாத்துப் போட்டு நிற்கக் கூடாது. மருந்தையாதான் குதிகாலைக் காட்டிப் பேசி, மலையில் மட்டும் போட்டுக்கொள்ள எனக்கு அனுமதி வாங்கித் தந்தார். சின்னதுரையே என் குதிகாலைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். அதை நான் மறக்கவில்லை.

துரை சாமான் பட்டியல் புத்தகத்திலிருந்து ஒரு படத்தாளைக் கிழித்துக் கொடுத்து, இவை மலைக்குச் சரிவருமா என்று இரத்தினபுரியில் விசாரித்து வரச் சொன்னார். கூடாரம், தூங்கும் பை, சப்பாத்து மூன்றும் ஒரே படத்தில் இருந்தன. மலைக்குப் போகும் துரைமாருக்குச் சாமான் விற்கும் முஸ்லிம் கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் படத்தைக் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"கூடாரத்துக்கு மேல்சீலை இல்ல தம்பி. மழையில உள்பக்கம் கை பட்டா அந்த இடத்தால ஒழுகும். பைய பாருங்க, தையல் கிட்டக் கிட்ட ஓடுது, உப்பி நிக்கிது. இறகாத்தான் ஈக்கும். படத்த வச்சி அடிச்சிச் சொல்ல ஏலாது. இறகுண்டா நனைஞ்சா கட்டியாப் போயிரும்."

"சப்பாத்து எப்படிங்க நானா?"

"விளிம்பு முழுக்க ஆணி. முன்பக்கம் மடிப்பே இல்ல, அடித்தோல் பலகை கணக்கா ஈக்கு. இது ஐஸ் மலைக்கி. ஒரு மாசம் போட்டு நடந்து பழக்கினா சரி. புதுசாப் போட்டு ஏறினா ரெண்டு குதிகாலும் போகும். முதமுதல் ஏறுறவருக்கு இது வாணாம்."

துரையிடம் அப்படியே சொன்னேன். கடைக்காரனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்துவிட்டுக் கொழும்பிலிருந்து அதையே வரவழைத்தார்.

நானா எனக்குத் தந்தது யாரோ ஒரு துரை போட்டுக் கழித்த சப்பாத்து. கணுக்கால் வரை மூடும், ஆணி கொஞ்சம்தான், முன்பக்கம் வளையும். தடித்த காலுறை போட்டு, விரலுக்கு முன்னால் இடம் இருக்கிறதா, இறக்கத்தில் விரல் முட்டாதா என்று கடைப் படியில் என்னை ஏறி இறங்க வைத்துத்தான் கொடுத்தார். நான் அதற்கு எண்ணெய் போட்டு, மலைக்குப் போகும்வரை தினமும் துரை கண்ணில் படாமல் ரப்பர் மலையில் போட்டு நடந்தேன். குதிகால் கொஞ்சங்கூட நோகவில்லை. அத்தனை சந்தோஷம் எனக்கு.

மலையில் முதல் நாளே மழை. கூடாரம் ஒழுகியது, பை கட்டி தட்டியது. மறுநாள் பாதி ஏற்றத்தில் துரை ஒரு கல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு குதிகாலும் உரிந்து சிவந்திருந்தன. பிறகு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னுடையதைக் கழற்று" என்றார்.

"தொர, என் குதிகால்..." என்றேன்.

"கழற்று."

கழற்றினேன். வேறென்ன செய்வது? துரை குதிகாலில் துணியைச் சுற்றிக்கொண்டு போட்டார். அது அவருக்கு அளவாகப் பொருந்திவிட்டது. அவருடைய புதுச் சப்பாத்தையாவது எனக்குத் தருவார் என்று நின்றேன். அதைச் சாக்கில் போட்டுக் கட்டி என் தோளில் ஏற்றச் சொன்னார். அட்டையும் கூர்ங்கல்லுமான அந்தப் பாதையில், ஒரு சோடி சப்பாத்தைச் சுமந்துகொண்டு வெறுங்காலோடு ஏறினேன். உச்சியில் எல்லோரும் காலணி கழற்றித்தான் கும்பிட்டார்கள். எனக்குக் கழற்ற ஒன்றுமில்லை. கும்பிடவும் மனம் வரவில்லை.

இறங்கும்போது குதிகால் கிழிந்தது. சில நாளில் கால் வீங்கி நாற்றமெடுத்தது. துரையே மோட்டாரில் ஏற்றி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவ்வளவு பெரிய மனசு! டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட குதிகாலோடு வெறுங்காலில் மலையேற யார் விட்டது என்று இங்கிலீஷில் கோபமாகக் கேட்டார்.

"இவர்களுக்கு அதுதான் பழக்கம் டாக்டர். எவ்வளவு சொன்னாலும் சப்பாத்துப் போட மாட்டார்கள்" என்றார் துரை.

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதற்காகத்தானே என்னைக் கூட்டிப் போனார். ஒரு சொல் விடாமல் விளங்கியது. கட்டிலில் கிடந்த நான் தலையைத் திருப்பி அவர் காலைப் பார்த்தேன். என் சப்பாத்தைத்தான் போட்டிருந்தார்.