இரண்டாவது டைரக்டர்

பாச்சாங்கில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் புதுக் கம்பெனிகளைப் பதிவு செய்வோம், ஓய்ந்து போனவற்றை மூடுவோம், யாராவது கேட்டால் ஒரு கம்பெனியின் ஜாதகத்தை எடுத்துக் கொடுப்போம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏர்கான் ஓசையில் எல்லாரும் பாதித் தூக்கத்தில் இருப்போம். திரையில் பெயர்கள் மெல்ல மிதந்து போகும். எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும்.

அப்படியொரு மத்தியானம், மழை ஆரம்பிக்கும் முன்பு, அத்தை வந்தார். அப்பாவின் தங்கை. பேக்டரியில் இத்தனை வருஷம் நின்று சேர்த்த ஓய்வுப் பணத்தில் ஒரு வீடு வாங்கும் ஆசையோடு மெர்லிமாவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கையில் நாலாக மடித்த விளம்பரத் தாள்.

"கார்னர் வீடுமா. திங்கக்கெழம புக்கிங் கட்டணுமாம். இந்த கம்பெனி நல்லதான்னு நீ ஒரு தடவ பாத்துரு லா."

தாளை என் மேசையில் வைத்துவிட்டு, மீன் வாங்கப் பசாருக்குப் போய்விட்டார்.

படத்தில் வீட்டு வாசலில் ஒரு மாமரம் இருந்தது. இன்னும் அஸ்திவாரமே போடாத வீட்டுக்கு அவ்வளவு பெரிய மரம். ஆனால் வீடு கட்டி விற்பவர்கள் விளம்பரத்தில் போட்டே ஆக வேண்டிய உரிம எண் எங்கேயும் இல்லை. வீடமைப்பு அமைச்சின் இணையதளத்தில் தேடினேன். அந்தத் திட்டத்துக்கு உரிமமும் இல்லை, விளம்பர அனுமதியும் இல்லை. உரிமம் வருவதற்கு முன்பே புக்கிங் பணம் கேட்கிறார்கள். அங்கேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அதே தளத்தில் கறுப்புப் பட்டியல் இருக்கிறது. கம்பெனி பெயரைத் தட்டினேன், வரவில்லை. வராததில் ஆச்சரியமில்லை. போன வருஷம் பிறந்த கம்பெனிக்குக் கெட்ட பெயர் வாங்க நேரம் ஏது? பலரும் இங்கேயே நிம்மதியாகித் தளத்தை மூடிவிடுவார்கள். பார்க்க வேண்டியது கம்பெனியை அல்ல, அதை நடத்தும் ஆட்களை. கம்பெனிப் பதிவகத்தில் சின்னக் கட்டணம் கட்டி அதன் விவரத்தாளை எடுத்தேன். டைரக்டர் ஒருவர்தான். அவர் பெயரைப் பட்டியலில் தேடியபோது, பழைய கம்பெனி ஒன்றோடு சேர்ந்து வந்தது.

காரணமும் போட்டிருந்தது. வீட்டைத் தாமதமாகக் கொடுத்ததற்கு வாங்கியவர்கள் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்திருக்கிறார்கள். கம்பெனி இழப்பீட்டைக் கட்டவில்லை. நம்மவர்களில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், பெயரை மட்டும் வைத்து யாரையும் திருடனாக்கக் கூடாது. அதனால் பழைய கம்பெனியின் விவரத்தாளையும் எடுத்து அடையாள அட்டை எண்ணை ஒப்பிட்டேன். அதே ஆள்தான். அடமானப் பதிவைப் பார்த்தேன். தீர்ப்பு வந்த அதே வருஷம் இன்னொரு நிலம் வாங்க பேங்கில் கடன் எடுத்திருக்கிறார்கள். கட்ட வழியில்லாமல் இல்லை, கட்ட மனசில்லை.

பழைய கம்பெனியின் விவரத்தாளில், அந்த ஆளின் பெயருக்குக் கீழே இரண்டாவது டைரக்டரின் பெயர். என் அப்பாவின் பெயர். அவருடைய அடையாள அட்டை எண், மெர்லிமாவில் நான் பிறந்த வீட்டின் முகவரி.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடைகள் எல்லாம் கரைந்து போயிருந்தன. எஸ்டேட் லோரி ஓட்டிய என் அப்பா, டைரக்டர். சின்ன வயதில் ஒருநாள் அவர் யாரிடமோ இரவல் வாங்கிய டையைக் கட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பியதும், அம்மா வாசல்வரை கிண்டல் செய்ததும் கனவு போல வந்தது. அப்போதெல்லாம் கம்பெனி தொடங்க இரண்டு டைரக்டர்கள் வேண்டும். அந்த முதல் டைரக்டர் அப்பாவோடு பந்து விளையாடிய நண்பனாக இருப்பான்; அவன் கேட்டிருப்பான், இவர் கையெழுத்துப் போட்டிருப்பார். காசு எதுவும் வாங்கியிருக்க மாட்டார். வாங்கியிருந்தால் எங்கள் வீட்டுக் கூரை அப்படி ஒழுகியிருக்காது.

அத்தை நனைந்து திரும்பி வந்தார். அப்பா பெயர் இருக்கும் பக்கத்தை மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். உரிமம் இல்லை என்பது ஒன்றே அத்தையைத் தடுக்கப் போதும். ஆனால் அத்தை எதிரே உட்கார்ந்து, தனக்கும் படிக்கத் தெரியும் என்பது போலக் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். அந்தப் பெயரில் விரல் நின்றது.

"அதான்" என்றார் மெதுவாக.

"என்ன அத்த?"

"போன வாரம் ஒங்கப்பா எங்க வீட்டுக்கு வந்தப்ப, இந்த நோட்டீஸ மொதல்ல அவருகிட்டதான் காட்டுனேன். மூலையில இருந்த மொதலாளி படத்தயே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு. வேணான்னும் சொல்லல, வாங்குன்னும் சொல்லல. 'பாப்பாகிட்ட கொண்டு போ. எல்லாத்தையும் பாக்கச் சொல்லு'ன்னாரு."

அத்தை புக்கிங் கட்டவில்லை. மீனில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா சமையலறையில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார். நான் மீனைக் கழுவினேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

"எல்லாத்தையும் பாத்தியாமா?"

"பாத்தேம்பா."

கரண்டி நின்றது. இன்னொரு குவளையை எடுத்து எனக்கும் ஊற்றினார்.