வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒரு பூனைக்குட்டி

என் மனைவியின் மகளுக்கு நான் இன்னும் அங்கிள்தான். இன்று முதல்முறையாக என்னிடம் கதை கேட்டாள்.

சொன்னேன். அசோக் நகரில் ஒரு வீடு. மழைக்கு ஒதுங்கிய தெருப் பூனைக்குட்டி, வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. வீட்டார் ஒரு தட்டில் மீனை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். குட்டியை உற்றுப் பார்க்கவில்லை. தினமும் தட்டைக் கொஞ்சம் தங்கள் பக்கம் நகர்த்தினார்கள்.

"ஒருநாள் அந்த வீட்டு அப்பா அதைத் தூக்கிக்கிட்டாரு."

"தூக்கினா பயந்துடும் அங்கிள். கையைக் கீழ வெச்சுட்டு சும்மா இருக்கணும். அதுவே வரும்."

கதையை மாற்றினேன். குட்டி வந்து விரலை மோந்து பார்த்தது. பிறகு அதில் தன் கன்னத்தை உரசியது.

மெத்தையில் கிடந்த என் கைமேல் கன்னம் வைத்து அவள் தூங்கிவிட்டாள்.

கை மரத்துவிட்டது. இதை ஒற்றைக் கையால் போனில் தட்டுகிறேன். எழுப்பாமல் கையை எடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவசரமில்லை.